ஒரே முத்திரை போட்ட இரண்டு நீலத் தட்டுகள்: எதை எடுத்தேன், ஏன்?

நெதர்லாந்துக்குக் குடிவந்த பிறகு எனக்குத் தொற்றிய பழக்கம், இணைய ஏலத்தில் பழைய நீல-வெள்ளைப் பீங்கான் தேடுவது. கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஐந்தாறு படங்கள் கிடைக்கும், அவற்றை வைத்துத்தான் முடிவு. போன குளிர்காலத்தில் ஒரே ஏலத்தில் இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டும் ஏறக்குறைய 27 செ.மீ. அகலம். இரண்டின் அடியிலும் நீல இரட்டை வளையத்துக்குள் அதே ஆறு சீன எழுத்துகள்: மிங் வம்சத்துச் செங்ஹுவா அரசர் காலத்தில் செய்தது என்று பொருள். முதல் தட்டை ‘சீனம், காங்ஸி காலம்’ என்று போட்டு 300 யூரோவில் ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாவதற்கு ‘சீனம், அடியில் சூளைப் பழுதுகள்’ என்று எழுதி 90 யூரோ. நான் இரண்டாவதை எடுத்தேன்.

முத்திரையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. செங்ஹுவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. அந்தக் காலத்துத் தட்டு 90 யூரோவுக்கு வராது, 300-க்கும் வராது. காங்ஸி அரசர் (1662–1722) ஆட்சியில், 1677-இல், சிங்தேசென் நகரத்துக் குயவர்கள் நடப்பு அரசரின் பெயரைப் பாத்திரங்களில் எழுதக் கூடாது என்று தடை வந்தது. அவர்கள் பழைய அரசர் பெயரை எழுதினார்கள், அல்லது ஒரு இலையை வரைந்தார்கள், அல்லது வளையத்தை வெறுமனே விட்டார்கள். ஜப்பானில் அரிட்டா ஊர்க் குயவர்களும் அதே சீனப் பெயரையே பார்த்து எழுதினார்கள். ஆக, இந்த முத்திரை காலத்தையும் சொல்லாது, நாட்டையும் சொல்லாது.

நிறமும் அப்படித்தான். சீனத் தட்டின் வெள்ளையில் லேசான நீலம் ஓடும், அரிட்டாவினதில் சாம்பல் ஓடும் என்பார்கள். கையில் இருக்கும்போது சரிதான். படத்தில் கைப்பேசி கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து எடுத்த படம் இருந்தால் ஒழிய நிறத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஏலக்காரர் ‘பழுது’ என்று எழுதிய அந்தப் புள்ளிகள்தான்.

இரண்டாவது தட்டின் அடிப்புறத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டு நிற்கும் அடிவளையத்துக்குள், கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசிய வெள்ளைப் பரப்பில், மிளகைவிடச் சின்னதாக ஐந்து வடுக்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி நான்கு. பகடையில் ஐந்து விழுந்த மாதிரி. பழுது இப்படி வரிசை பிடித்து நிற்காது. இவை முட்டுக் கொடுத்த தடயங்கள்.

காரணம் மண்ணில் இருக்கிறது. சிங்தேசெனில் பீங்கான் கல்லை இடித்த மாவோடு கயோலின் மண்ணையும் கலப்பார்கள். அந்தக் கலவை சூளையின் உச்சச் சூட்டிலும், அதாவது 1300 டிகிரி செல்சியஸை ஒட்டியும், தன் உருவத்தைப் பிடித்து நிற்கும். அரிட்டாவில் இசுமியாமா குன்றில் வெட்டிய கல்லையே பெரும்பாலும் தனியாக இடித்துப் பயன்படுத்தினார்கள். அது அந்தச் சூட்டில் குழைந்துவிடும். அகலமான தட்டென்றால் வளையத்துக்கு நடுவே இருக்கும் அடிப்பகுதி தொய்ந்து கீழே இறங்கும். அதைத் தாங்க, அதே மண்ணில் சின்னக் கூம்புகள் செய்து அடியில் நிறுத்திச் சுட்டார்கள். ஆறியதும் தட்டி எடுத்தார்கள். கூம்பு ஒட்டியிருந்த இடத்தில் கிளேஸ் இல்லாத சொரசொரப்பான புள்ளி மிஞ்சும். சிங்தேசென் தட்டுக்கு இந்த முட்டு தேவைப்படவில்லை, அதனால் அதன் அடியில் பொதுவாக இந்த வடுவைப் பார்க்க முடியாது.

படத்தில் இதை வேறு குறைகளோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சுடும்போது காற்றுக்குமிழி வெடித்த குழியின் விளிம்பு வழவழவென்று உருண்டிருக்கும், கண்ட இடத்திலும் இருக்கும். பின்னாளில் அடிபட்டுச் சில்லு பெயர்ந்த இடம் சிப்பி மாதிரி சரிந்து பளபளக்கும். முட்டு வடுவின் நடுவே உடைந்த கூம்பின் மிச்சம் லேசாக மேடு தட்டியிருக்கும், அந்தச் சொரசொரப்பில் பழைய அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மேடும் பள்ளமும் நிழலில் தெரிந்துவிடும்.

அப்படிக் கேட்டு வாங்கிய படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அடிவளையம் முழுக்க ஒரே மாதிரி தேயவில்லை. இரண்டு இடங்களில் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து, மற்ற இடம் முரடாகவே இருந்தது. சூளையில் கொஞ்சம் கோணிப்போன தட்டு, மேசையைத் தொடும் இடத்தில்தானே தேயும்! வேண்டுமென்றே பழசாக்கிய தட்டில் தேய்மானம் சுற்றிலும் சீராக இருக்கும், கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். உப்புத்தாள் போட்ட கை அது.

ஆனால் முட்டு வடு ஜப்பான் என்றுதான் சொல்கிறது, வயதைச் சொல்வதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெய்ஜி காலத்தில் செய்த மலிவான தட்டுகளிலும் அதே வடு உண்டு. அவற்றில் நிறைய அச்சு வேலைதான். காகித வெட்டச்சில் பதித்த கோடுகள் துண்டு துண்டாக நிற்கும், ஒரே பூ அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வரும், ஓரத்தில் இரண்டு அச்சு சேரும் இடம் பொருந்தாது. என் தட்டில் ஒவ்வொரு இதழும் வேறு வேறு, கோடு முடியும் இடத்தில் தூரிகை நின்று நீலம் அடர்ந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு என்று நினைத்துத்தான் 140 யூரோ வரை போனேன். அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, சின்ன அரிட்டாத் தட்டுகளுக்கு முட்டே தேவைப்பட்டிருக்காது. வடு இல்லை என்பதால் சீனம் என்று முடிவு கட்ட முடியாது.

முதல் தட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அடி சுத்தமாக இருந்தது, வளையம் மெல்லியதாக, நன்றாக உருட்டிச் சீவியிருந்தார்கள். கிளேஸ் முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தில் மெல்லிய செம்மஞ்சள் கோடு. மண்ணில் இருக்கும் இரும்பு சூளை ஆறும்போது துருவேறுவதால் வருவது அது. உண்மையான காங்ஸியாகவே இருக்கலாம். ஆனால் இதே முத்திரையைப் போட்டு, இதே பாணியில், 19-ஆம் நூற்றாண்டிலும் சிங்தேசெனில் செய்தார்கள். இரண்டையும் படத்தில் பிரிக்கிற அளவுக்கு நான் சீனத் தட்டுகளைக் கையாண்டதில்லை. 300 யூரோவுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அது 410-க்குப் போனது.

இரண்டாவது தட்டு வந்ததும் விரலால் சுண்டிப் பார்த்தேன். கணீரென்று வர வேண்டிய ஒலி மழுங்கிப்போய் வந்தது. விளிம்பிலிருந்து உள்ளே நான்கு செ.மீ. நீளத்துக்கு மயிரிழை விரிசல், ஆறு படங்களில் ஒன்றில்கூடத் தெரியவில்லை. பீங்கான் ஒளியை ஊடுருவ விடும் என்பதால், பின்னால் விளக்கைப் பிடித்தால் விரிசல் கோடாகத் தெரிந்திருக்கும். இப்போது டார்ச் படத்தோடு அந்தப் படத்தையும் சேர்த்தே கேட்கிறேன். அனுப்ப மறுக்கிற விற்பனையாளரிடம் விலை கேட்பதில்லை.