ஓர் இனிஷியலும் ஓர் எழுத்தும்: பி.எஃப். பணத்துக்காக ஊரில் 26 நாட்கள்

மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போதே இந்த விடுமுறையில் பி.எஃப். வேலையை முடித்தே தீருவது என்று வைராக்கியத்தோடு வந்தேன். ஊரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2009 ஜூலை முதல் 2016 பிப்ரவரி வரை வேலை பார்த்தேன். ஆறரை ஆண்டுக்கும் மேலாகச் சம்பளத்தில் பிடித்த பணம் அப்படியே கிடந்தது. போன ஆண்டு தாளில் விண்ணப்பம் நிரப்பி, நிறுவனத்தின் கையெழுத்தும் வாங்கித் தம்பி மூலம் கொடுத்தனுப்பினேன். சில வாரங்களில் நிராகரிப்பு வந்தது. காரணம் ஒற்றை வரி: வங்கி ஆவணத்தில் உள்ள பெயரும் பி.எஃப். பதிவில் உள்ள பெயரும் வேறு.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் பலருக்கும் இந்தச் சிக்கல் வரக்கூடும். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ‘ஆர். செல்வகுமார்’ என்று இருந்தது. வேலையில் சேர்ந்தபோது எழுத்தர் அதைப் பார்த்தே பதிவு செய்தார். பி.எஃப். பதிவில் நான் `SELVAKUMAR R`. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது அந்த `R` விரிந்து அப்பாவின் முழுப்பெயரானது. அதன் பிறகு வாங்கிய ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நான் `SELVAKUMAR RAMASAMY`. வீட்டில் யாருக்கும் இது இரண்டு ஆட்களாகத் தோன்றாது. ஆனால் பணம் கொடுக்கும் அலுவலகம் தாளில் உள்ள எழுத்தை வைத்துத்தானே ஆளை அடையாளம் காண முடியும்?

முதலில் எனக்கு வந்த யோசனை தவறானது. ஆதாரில் பெயரைச் சுருக்கிப் பி.எஃப். பதிவோடு பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் பாஸ்போர்ட்டும் வங்கியும் ஆதாரோடு முரண்பட்டிருக்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதும் பிறகுதான் உறைத்தது. திருத்த வேண்டியது பழைய பி.எஃப். பதிவைத்தான். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அப்படியே அது மாற வேண்டும்.

இதற்கான வழி எல்லோருக்கும் ஒன்றல்ல. 2025 ஜனவரியில் விதிமுறையை எளிமையாக்கினார்கள். 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு ஆதார் சரிபார்ப்போடு யு.ஏ.என். எனும் பொதுப் பி.எஃப். கணக்கு எண் பெற்றவர்கள், பெயரை இணையத்தில் தாங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முன் எண் பெற்று ஆதாரும் இணைத்திருப்பவர்கள் இணையத்தில் விண்ணப்பித்தால், நிறுவனம் ஒப்புதல் அளித்தாலே போதும். என்னுடையது 2014-ல் வந்த எண். பெயர் பொருந்தாததால் ஆதாரும் இணையவில்லை. எனவே எனக்குத் தாள்வழிதான்: உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம், அதற்கான ஆவணங்கள், நிறுவனத்தின் வழியாகப் பி.எஃப். அலுவலகம். அதாவது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த நிறுவனத்தின் வாசலுக்கே மறுபடி போக வேண்டும்.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது. பழைய கைப்பேசி எண்ணை அப்பா இத்தனை ஆண்டும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தார். அந்த எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யால் உறுப்பினர் தளத்தில் நுழைந்து, என் விவரப் பக்கத்தை அச்செடுத்தேன். வீட்டுத் திண்ணையில் அதையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். என் பெயரில் உள்ள வேறுபாடு தெரிந்ததுதான். ஆனால் தந்தை பெயர்க் கட்டத்தில் பென்சில் நின்றுவிட்டது. அங்கே `RAMASAMI` என்று இருந்தது. கடைசி எழுத்து `I`. என் ஆவணங்களில் எல்லாம் `Y`. அப்பாவிடம் காட்டினேன். “சாமிக்கு ஒரே எழுத்துத்தானே, இதில் என்ன இரண்டு?” என்றார். தமிழில் அவருக்கு ஒரே பெயர்தான். என் பெயரை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தால் அடுத்த நிராகரிப்பு இந்த ஓர் எழுத்தால் வந்திருக்கும்.

பணி விவரப் பகுதியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் வேலையை விட்ட தேதி வெறுமையாக இருந்தது. அந்தத் தேதி ஏறாதவரை பதிவைப் பொறுத்தமட்டில் நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். இறுதித் தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆதார் இணைந்திருந்தால் ஓ.டி.பி. மூலம் நாமே அதைப் பதியலாம். எப்படியும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதப் போகிறேன், அதையும் சேர்த்தே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடிதத்தை அங்கே வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் கொடுத்தேன். அதன் சாரம் இது:

“பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை. பொருள்: வருங்கால வைப்பு நிதிப் பதிவில் பெயர், தந்தை பெயர் திருத்தமும் பணி விலகிய தேதிப் பதிவும்.

ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் 06.07.2009 முதல் 12.02.2016 வரை பணிபுரிந்தேன். என் பணியாளர் எண், யு.ஏ.என். எண், பி.எஃப். உறுப்பினர் எண் ஆகியவற்றைக் கீழே தந்துள்ளேன். பி.எஃப். பதிவில் என் பெயர் `SELVAKUMAR R` என்று உள்ளது; ஆதாரின்படி அது `SELVAKUMAR RAMASAMY` என்று இருக்க வேண்டும். தந்தை பெயர் `RAMASAMI` என்று உள்ளது. அது `RAMASAMY` என்று இருக்க வேண்டும். பணி விலகிய தேதி பதிவாகவில்லை. பணிவிடுப்புக் கடிதத்தின்படி அது 12.02.2016. முதல் பெயரில் உள்ள ‘R’ என் தந்தையின் பெயரின் முதல் எழுத்தே. இரு பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும். பெயர் வேறுபாட்டால் என் பணம் பெறும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன் நகலை இணைத்துள்ளேன். கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் என் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டுள்ளேன். தங்கள் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, பி.எஃப். அலுவலகத்தில் மாதிரிக் கையெழுத்துப் பதிவாகியுள்ள அலுவலர் கையெழுத்திட்டு, முத்திரையுடன் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். நான் 28.06.2025 அன்று வெளிநாடு திரும்புகிறேன்.”

ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றின் நகலோடு, பணி நியமன ஆணை, பணிவிடுப்புக் கடிதம், கடைசி மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றையும் வைத்தேன். ‘திருத்தித் தருக’ என்று பொதுவாக எழுதாமல், இருப்பது எது, இருக்க வேண்டியது எது என்று இரண்டையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. கடிதத்தைப் படிப்பவர் எந்த ஆவணத்தைப் பார்த்து எதை மாற்றுவது என்று ஊகிக்க நேர்ந்தால், அந்த ஊகத்திலேயே ஒரு புதிய பிழை புகுந்துவிடும்.

மாதிரிக் கையெழுத்து பற்றிய வரி மட்டும் என் யோசனையில் வந்ததல்ல. கணக்குப் பிரிவில் என்னை நினைவு வைத்திருந்த மூத்தவர் ஒருவர் சொல்லித்தான் சேர்த்தேன். “தம்பி, இங்கே யார் வேண்டுமானாலும் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அங்கே பதிவில் இருக்கும் கையெழுத்து இரண்டு பேருடையதுதான். அதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவரிடம் வாங்குங்கள்” என்றார். அவர் சொன்னவர் வாரத்தில் இரண்டு நாள்தான் அந்தக் கிளைக்கு வருவார். மூன்று முறை பஸ் ஏறினேன். முதல் நாள் பழைய பதிவேடு கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் பதிவேடு இருந்தது, ஆள் இல்லை. மூன்றாம் நாள், ஜூன் 19 அன்று, கையெழுத்து கிடைத்தது. கணக்குப் பிரிவு மூத்தவர் படிவத்தை வாங்கி, திருத்தம் கேட்ட கட்டங்களை என்னைப் போலவே விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போட்டார். அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன். கடித நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று தேதியோடு எழுதி வாங்கினேன்.

நிறுவனமே மூடப்பட்டுவிட்ட நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்கள் கைவிட்டுவிட வேண்டாம். அந்த நிலையில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, நோட்டரி போன்றோர் சான்றளித்த கூட்டு உறுதிமொழியை ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது.

திருத்தம் நடப்பதற்குள் என் விடுமுறை முடிந்தது. ஜூன் 28 அன்று கிளம்பும்போது பழைய சிம்மை அப்பாவிடமிருந்து வாங்கி ரோமிங் வசதியோடு எடுத்துவந்தேன். அதை விட்டுவந்திருந்தால் ஒவ்வோர் ஓ.டி.பி.க்கும் நடுப்பகலில் அப்பாவை எழுப்ப வேண்டியிருந்திருக்கும். ஜூலை மூன்றாம் வாரத்தில் தளத்தில் பெயர் மாறியிருந்தது. தந்தை பெயரும் விலகிய தேதியும் சரியாக இருந்தன. அன்றிரவே ஆதாரை இணைத்தேன். இந்த முறை மறுப்பு வரவில்லை. பிறகு பானும், வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கும் இணைந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

அதன் பிறகு இரண்டு விண்ணப்பங்கள் போட்டேன். படிவம் 19 வைப்பு நிதிக்கு. படிவம் 10சி ஓய்வூதியப் பங்குக்கு. என் பணிக்காலம் பத்தாண்டுக்குக் குறைவு என்பதால் அதைத் தொகையாகவே எடுக்க முடிந்தது. 19 மட்டும் போட்டுவிட்டு 10சி-யை மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியப் பங்கு தனியாக அங்கேயே தங்கிவிடும். தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் பணி செய்திருந்ததால் வைப்பு நிதித் தொகையில் வரி பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை நேரத்தில் ஊரே அமைதியாக இருந்தபோது முதல் தொகை வந்த செய்தி பழைய சிம்மில் ஒலித்தது. நான்கு நாள் கழித்து இரண்டாவதும் வந்தது. அப்பாவை அழைத்துச் சொன்னேன். “எந்த எழுத்துப் போட்டு வந்திருக்கிறது?” என்று கேட்டார். ‘ஒய்’ என்றேன்.