காபிச் சக்கையா, குரும்பியா? பூனையின் காதில் இருப்பது எது

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். செவலைக்கு ஆறு வயது. கடுகு போன மழைக்காலத்தில் வந்தவன், மாடிப்படிக்கு அடியில் வண்டி உறைக்குள் சுருண்டு கிடந்த குட்டி. வந்தபோது இரண்டரை மாதம் இருந்திருக்கும். இரண்டு பேர் காதிலும் பழுப்பாக ஏதோ இருந்தது. செவலைக்கு இருந்தது குரும்பி, கடுகுக்கு இருந்தது காதுப் பூச்சி. நான் இரண்டையும் குரும்பி என்றே முடிவு கட்டி, மூன்று வாரம் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த மூன்று வாரம்தான் இதை எழுத வைத்தது.

குரும்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாப் பூனைக்கும் உண்டு. இளமஞ்சளில் தொடங்கி வெல்லப்பாகு நிறம் வரை இருக்கும். விரலில் எடுத்தால் மெழுகு போல வழவழப்பு, நாற்றம் கிடையாது. சில பூனைகளுக்கு இயல்பாகவே கொஞ்சம் அதிகமாக ஊறும். செவலை அந்த ரகம். மாதம் ஒரு முறை காது மடலின் உட்புறத்தைத் துடைத்துவிட்டால் போதும், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான பூனைகளுக்கு அதுவும் தேவையில்லை. சுத்தமாக இருக்கும் காதை வாராவாரம் கழுவினால் அந்த ஈரமே தொல்லை ஆகும்.

பூச்சி இருக்கும் காது வேறு. பில்டரில் டிகாஷன் இறங்கிய பிறகு அடியில் தங்கும் சக்கையைக் காயவைத்தால் எப்படி இருக்கும்? கறுத்த பழுப்பு, பொலபொலவென்று உதிரும். கடுகின் காதில் அதுதான் அப்பிக் கிடந்தது. பூச்சியின் கழிவு, காய்ந்த குரும்பி, உதிர்ந்த தோல் எல்லாம் கலந்த கலவை அது. சரி, இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் ஏமாந்தேன் என்றால், நிறத்தை மட்டும் பார்த்தேன். செவலையின் குரும்பியும் சில நாள் கருமையாகத்தான் வரும். குட்டி தெருவில் கிடந்தது, அழுக்கு அதிகம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நிறத்தைவிடச் சொறிவதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். குரும்பி அரிக்காது. கடுகு பால் குடித்துக்கொண்டே இருப்பான், பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னங்காலால் காதுக்குப் பின்னால் பறபறவென்று சொறிவான், தலையை உதறுவான், மறுபடி குடிக்க வருவான். காதுக்குப் பின்னால் முடி போய்ச் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. காது மடலைக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தால், அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகக் காற்றில் சொறியும். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், வீடியோ எடுத்தோம். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பலமாக உதறி உதறி மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்தால் காது பூரி மாதிரி உப்பிவிடும். எங்களுக்கு அது நேரவில்லை, பிழைத்தோம். ஆனால் சொறிவதும் முழுச் சாட்சி ஆகாது. காது நிறையப் பூச்சி இருந்தும் சொறியாத பூனைகள் உண்டு, நாலே பூச்சிக்குத் துடிக்கிற பூனைகளும் உண்டு.

வீட்டிலேயே பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. காதிலிருந்து வந்ததைக் கொஞ்சம் கறுப்புத் தாளில் உதிர்த்து, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் ஒரு நிமிடம் அசையாமல் பார்க்க வேண்டும். பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெள்ளையாக இருக்கும். புள்ளி நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. நகரவில்லை என்றால் பூச்சி இல்லை என்று அர்த்தம் இல்லை. நானும் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை, ‘அப்போ குரும்பிதான்’ என்று தாளை மடித்துக் குப்பையில் போட்டேன்.

அப்புறம் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த மறுநாள் காது பளிச்சென்று இருக்கும். நாலைந்து நாளில் மறுபடி சக்கை. மறுபடி துடைப்பேன். குரும்பிக்கும் பூச்சிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. குரும்பியைத் துடைத்தால் வேலை முடிந்தது, திரும்ப ஊற வாரங்கள் ஆகும். பூச்சி விஷயத்தில் நாம் துடைப்பது அதன் குப்பையை மட்டும். முட்டை தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய நாலு நாளில் பொரியும், மூன்று வாரத்தில் வளர்ந்து அதுவே முட்டையிடத் தயாராகிவிடும். வளர்ந்த பூச்சி இரண்டு மாதம்வரை உயிரோடு இருக்கும். போதாததற்கு எல்லாம் காதுக்குள்ளேயே இருப்பதும் இல்லை. சில கழுத்தில் திரியும், பூனை சுருண்டு படுக்கும்போது வால் காதருகே வருவதால் வால் நுனிக்கும் போகும். காதை மட்டும் எவ்வளவு கழுவினாலும் அவை திரும்பி வரும். நான் மூன்று வாரம் துடைத்தேன் என்றால், அதற்குள் ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டேன் என்று பொருள்.

மூன்றாவது வாரக் கடைசியில் செவலையும் சொறிய ஆரம்பித்தாள். அவள் குரும்பியின் நிறம் மாறவே இல்லை. அன்றுதான் இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

“எத்தனை நாளா சொறியுது? காலையில காதைச் சுத்தம் பண்ணிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “நல்லது. எல்லாரும் துடைச்சுப் பளபளன்னு கொண்டு வருவாங்க, எனக்குப் பார்க்க ஒண்ணும் இருக்காது” என்றார். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயில் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எண்ணெய்க்குள் வெள்ளையாக, கால்களை ஆட்டிக்கொண்டு மூன்று நான்கு. பக்கத்தில் நீள்வட்ட முட்டைகள். செவலையின் காதிலிருந்து எடுத்ததில் தேடித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது.

மைக்ராஸ்கோப்பை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரும்பி, பூச்சி என்று இரண்டே இரண்டு என நினைத்துத்தான் நான் ஒப்பிட்டேன். மூன்றாவதாக ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றும் கறுத்த பழுப்பாகவே வரும், சற்றுப் பிசுபிசுப்பாக, புளித்த வாடையோடு. மஞ்சள் அல்லது பச்சைச் சீழாக இருந்தால் பாக்டீரியா. மூன்றுக்கும் மருந்து வேறு. ஈஸ்ட் வந்த காதை நான் வளர்த்துப் பார்த்ததில்லை, வாடையை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லமாட்டேன்.

கொடுத்த மருந்து செலமெக்டின் சொட்டு. காதில் விடுவது இல்லை. பிடரியில், நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். அங்கிருந்து உடம்பு முழுக்கப் பரவுவதால் கழுத்திலும் வாலிலும் திரிகிற பூச்சியும் தப்பாது. எடைக்குத் தக்க அளவு. கடுகு 900 கிராம், அவனுக்குக் குட்டிகளுக்கான சிறிய குப்பி. செவலைக்குப் பெரியது. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் சேர்த்துப் போட வேண்டும், இந்தப் பூச்சி நாய்க்கும் பூனைக்கும் பொது.

இதற்கு முன்பு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று அத்தையுடையது: தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் காதில் விடு. எண்ணெயில் சில பூச்சிகள் மூச்சடைத்துச் சாகக்கூடும், ஆனால் முட்டையும் வெளியே திரிவதும் மிஞ்சும், காது பிசுக்கேறித் தூசியை இழுக்கும். வேப்பெண்ணெய் என்றார்கள் இன்னும் சிலர். பூனை நக்கியே தீரும், அது உள்ளே போவது நல்லதில்லை. இரண்டாவது யோசனை கடையில் கிடைத்தது. நாய்க்கு உண்ணி போகப் போடும் சொட்டு மருந்தை “பாதி விட்டாப் போதும்” என்று நீட்டினார்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தது. அது நாய்க்கு ஆகும். பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகும். பாதி அளவு என்பதெல்லாம் அதில் செல்லாது.

இனி சுத்தம் செய்வது. பூச்சிக்கும் இது தேவைதான், மருந்தாக இல்லை, செத்ததையும் சக்கையையும் வெளியேற்ற. கடுகுக்கு வாரம் ஒரு முறை, மூன்று முறை செய்தேன்.

பூனையின் காதுக்குழாய் ‘ட’ எழுத்தைப் போன்றது. மேலிருந்து நேராக இறங்கி, அடியில் மடங்கி உள்ளே போகும். அந்தக் கடைசியில்தான் செவிப்பறை. பஞ்சுக் குச்சியை விட்டால் அழுக்கை அந்த மடிப்புக்குள் குத்தித் தள்ளுவோமே தவிர எடுக்கமாட்டோம். அதனால் அழுக்கைத் திரவத்தில் மிதக்கவிட்டுப் பூனையையே உதறி வெளியேற்றச் செய்ய வேண்டும்.

பூனைக்கென்று விற்கும் காது கழுவியை வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பிடித்தால் குளிர்ச்சி போகும். சில்லென்று விட்டால் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே பீரோ மேலே ஏறிவிடும். துண்டில் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி, மடியில் வைத்து, மடலை மேல்நோக்கி மெதுவாகத் தூக்கினால் குழாய் சற்று நேராகும். பாட்டில் முனை காதைத் தொடாமல் குழாய் நிறையும் அளவு விடுங்கள். மடலைப் பிடித்தபடியே, காதின் அடியில் கன்னத்தை ஒட்டி, குழாய் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும், வந்தால் திரவம் அடிவரை போயிருக்கிறது. அப்புறம் விட்டுவிட்டு ஒரு அடி தள்ளி உட்காருங்கள். உதறும், சுவர் முழுக்கத் தெறிக்கும். வெளியே வந்ததை மட்டும் பஞ்சை விரலில் சுற்றித் துடைத்தெடுங்கள், விரல் தானாகப் போகும் தூரம் போதும். மூன்றாவது பஞ்சிலும் பழுப்பு வந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோனால் அடுத்த வாரம் காதைத் தொடவிடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வினிகர் எல்லாம் சொறிந்து புண்ணான தோலில் எரியும், வேண்டாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, தொட்டால் கத்தினாலோ, ரத்தம் வந்தாலோ காதில் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம். கிழிந்த வழியாக உள்ளே போகும் திரவம் கேட்கும் சக்தியையே கெடுக்கும். இந்த நிலைக்கு வந்த பூனையை நான் கையாண்டதில்லை. மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதல் சொட்டு விட்ட ஒரு வாரத்தில் கடுகு சொறிவது பாதியாகக் குறைந்தது. பத்தாவது நாள் கிண்ணத்துப் பாலை நிறுத்தாமல் குடித்து முடித்தான். இரண்டாவது சொட்டுக்கு அழைத்துப் போனபோது தகட்டில் ஒன்றும் அசையவில்லை. செவலைக்கு அதே பழைய குரும்பி இருக்கிறது. மாதம் ஒரு முறை துடைக்கிறேன்.