டி-டைமர் 640: வெல்ஸ் வழியில் போவதா, இயர்ஸ் வழியில் போவதா?

நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்குமோ, அதாவது பல்மனரி எம்பாலிசமோ என்று சந்தேகம் வந்ததும் பல இடங்களில் முதலில் நடப்பது, "டி-டைமர் அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். ரிசல்ட் வந்த பிறகு நோயாளியைப் பற்றி யோசிக்கிறோம். இந்த வரிசையே தலைகீழ். டி-டைமர் என்பது ரத்த உறைவு கரையும்போது வரும் துணுக்கு, அது நிமோனியாவிலும் ஏறும், புற்றுநோயிலும் ஏறும், அறுவை சிகிச்சை முடிந்தாலும் கர்ப்பத்திலும் ஏறும், சும்மா வயதானாலே ஏறும். அளவு குறைவாக இருந்தால் "கட்டி இல்லை" என்று சொல்ல உதவுமே தவிர, கூடுதலாக இருந்தால் அது எதையும் நிரூபிப்பதில்லை. எந்த அளவைக் குறைவு என்று எடுத்துக்கொள்வது என்பதும் எதிரே இருப்பவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அந்த வாய்ப்பை மதிப்பிடும் வெல்ஸ், இயர்ஸ் போன்ற ஸ்கோர் முதலில்.

ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் வருபவருக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அவருக்குப் படுக்கையருகே எக்கோ, முடிந்தால் உடனே சி.டி., அவ்வளவுதான். நான் பேசுவது நடந்து வந்து உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பற்றி.

ஒருவரை வைத்துப் பார்ப்போம். 68 வயது அம்மா. இரண்டு நாளாக மூச்சை இழுத்தால் வலப்பக்கம் குத்துகிறது, லேசாக மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் வறட்டு இருமல். நாடித்துடிப்பு 96, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கால் வீக்கம் இல்லை, சளியில் ரத்தம் இல்லை, சமீபத்தில் அறுவை சிகிச்சை இல்லை, புற்றுநோய் இல்லை, முன்பு கட்டி வந்ததும் இல்லை. டி-டைமர் 640.

வெல்ஸ் ஸ்கோர் கனடாவில் உருவானது. காலில் கட்டிக்கான அறிகுறி இருந்தால் 3, வேறு எந்த நோயையும்விட எம்பாலிசம்தான் பொருந்துகிறது என்று டாக்டருக்குத் தோன்றினால் 3, நாடி 100-க்கு மேல் என்றால் 1.5, முன்பு கட்டி வந்திருந்தால் 1.5, படுக்கையில் கிடந்ததற்கோ சமீபத்திய அறுவை சிகிச்சைக்கோ 1.5, இருமலில் ரத்தத்துக்கு 1, புற்றுநோய்க்கு 1. கூட்டுத்தொகை 4-ஐத் தாண்டினால் டி-டைமருக்கு வேலையே இல்லை, நேராக சி.டி. 4 வரை இருந்தால் டி-டைமர். பழைய வரம்பு எல்லோருக்கும் 500. ஆனால் 2014-இல் வந்த அட்ஜஸ்ட்-பிஇ ஆய்வுக்குப் பிறகு 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பு வைக்கிறோம். இந்த அம்மாவுக்கு 680.

இயர்ஸ் நெதர்லாந்திலிருந்து 2017-இல் வந்தது. வெல்ஸிலிருந்து மூன்றே கேள்விகளை எடுத்துக்கொண்டது: காலில் கட்டிக்கான அறிகுறி உண்டா, இருமலில் ரத்தம் உண்டா, எம்பாலிசம்தான் முதலில் தோன்றுகிறதா. மூன்றுக்கும் இல்லை என்றால் வரம்பு 1000. ஒன்றுக்காவது ஆம் என்றால் 500. வயது இதில் வராது.

இப்போது அதே அம்மாவை இரண்டு டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு இது வைரஸ் தொற்றை ஒட்டி வந்த நெஞ்சுச்சவ்வு அழற்சி போலத் தோன்றுகிறது. வெல்ஸ் 0, இயர்ஸ் 0. பழைய 500 வரம்பாக இருந்தால் சி.டி. எடுத்திருப்பார், மற்ற இரண்டு வழியிலும் தேவையில்லை. இரண்டாமவர், "காய்ச்சலே இல்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அப்புறம் வேறென்ன?" என்று எம்பாலிசத்தை முதலில் வைக்கிறார். வெல்ஸ் 3, இன்னும் 4-க்குள்தான், 640 என்பது 680-க்குக் கீழே, சி.டி. வேண்டாம். இயர்ஸிலோ ஒரு கேள்விக்கு ஆம் வந்துவிட்டது, வரம்பு 500-க்கு இறங்கிவிட்டது, சி.டி. எடுக்க வேண்டும்.

அந்த எண் 820 ஆக இருந்திருந்தால் கதை திரும்பிவிடும். முதல் டாக்டர் வெல்ஸ் வழியில் சி.டி.க்கு அனுப்புவார், இயர்ஸ் வழியில் வீட்டுக்கு அனுப்புவார். ஆக, எது கண்டிப்பானது, எது தளர்வானது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 35 வயதுக்காரருக்கு வயதுக் கணக்கால் எந்த லாபமும் இல்லை, தேவையில்லாத சி.டி.யைத் தவிர்க்க இயர்ஸ்தான் உதவும். 80 வயதுக்காரரிடம் எம்பாலிசம்தான் முதலில் தோன்றுகிறது என்றால் இயர்ஸின் 500 அநேகமாக சி.டி.யில்தான் முடியும், ஏனென்றால் அந்த வயதில் பெரும்பாலோருக்கு டி-டைமர் 500-க்கு மேல்தான் இருக்கும்.

என் விருப்பம் இரண்டையும் சேர்த்த முறை. இயர்ஸ் கேள்விகள் மூன்றும் இல்லை என்றால் 1000, ஒன்றாவது ஆம் என்றால் வயதுக்கேற்ற வரம்பு. பிரான்சிலும் ஸ்பெயினிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள், வழக்கமான முறையைவிடப் பாதுகாப்பு குறையவில்லை, ஸ்கேன்கள் குறைந்தன. அதன்படி இந்த அம்மாவுக்கு எந்த டாக்டர் பார்த்தாலும் 640-க்கு சி.டி. இல்லை.

வெல்ஸ், இயர்ஸ் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் அந்த "முதலில் தோன்றுகிறதா" என்ற கேள்வி. டி-டைமர் ரிசல்ட் கையில் வந்த பிறகு அதற்குப் பதில் எழுதினால் பதில் நேர்மையாக இருக்காது. எண் பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் எம்பாலிசம்தான் முதலில் தோன்றும். ரத்தம் எடுக்கும் முன்பே கேஸ் ஷீட்டில் ஸ்கோரை எழுதிவிடுங்கள். இந்தத் தொல்லை இல்லாதது திருத்திய ஜெனீவா ஸ்கோர், அதில் டாக்டரின் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. ஆனால் நாடி 95-ஐத் தொட்டாலே 5 புள்ளி தருகிறது. இந்த அம்மாவுக்கு வயதுக்கு 1 சேர்த்து 6, நடுத்தர வாய்ப்பு. டி-டைமர் கேட்கலாம் என்ற அதே இடத்துக்குத்தான் வருகிறோம், அதனால் இதற்காக வெல்ஸை விட்டு மாற வேண்டியதில்லை.

இன்னொன்று, நான் நிஜமாகவே பயப்படுவது. லேப் எந்த அலகில் எழுதுகிறது என்று பார்த்தீர்களா? மேலே சொன்ன 500, 680, 1000 எல்லாம் மில்லிலிட்டருக்கு நானோகிராம், எஃப்.இ.யூ. அலகில். சில லேப்கள் டி.டி.யூ. என்ற அலகில் தருகின்றன, அது கிட்டத்தட்ட பாதி. அங்கே 640 என்று வந்தால் அது எஃப்.இ.யூ.வில் சுமார் 1280, எந்த வழியிலும் சி.டி.தான். எண்ணை மட்டும் போனில் கேட்டு 680-க்குக் கீழே என்று வீட்டுக்கு அனுப்பினால் கட்டியோடே அனுப்பியிருக்கக்கூடும். அதேபோல ஏற்கெனவே ஹெப்பாரின் போட்டு இரண்டு நாள் ஆனவருக்கு டி-டைமர் இறங்கியிருக்கும், அந்தக் குறைந்த எண்ணை நம்பக்கூடாது.

படத்துக்குப் போனால், பெரும்பாலோருக்கு சி.டி. பல்மனரி ஆஞ்சியோதான். கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் வி/க்யூ ஸ்கேன். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும் கர்ப்பிணிக்கு முதலில் கால் டாப்ளர், தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ கட்டி தெரிந்தால் அங்கேயே சிகிச்சை ஆரம்பிக்கலாம், நெஞ்சுக்குக் கதிர்வீச்சே வேண்டாம்.

சி.டி. வந்ததும் ஸ்கோரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2006-இல் வந்த பியோபெட் 2 ஆய்வில், வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிட்டவர்களில் சி.டி. "இல்லை" என்று சொன்னது 60 சதவீதம் பேருக்குத்தான் சரியாக இருந்தது, வாய்ப்பு குறைவு என்று மதிப்பிட்டவர்களில் "உண்டு" என்று சொன்னது 58 சதவீதம் பேருக்கு. இன்றைய இயந்திரங்கள் அதைவிட நன்றாகப் பார்க்கின்றன, ஆனாலும் ஸ்கோரும் படமும் முரண்பட்டால் நான் நிற்பேன். வெல்ஸ் 7 உள்ளவருக்கு சி.டி. சுத்தம் என்று வந்தால் இரண்டு காலுக்கும் டாப்ளர் கேட்பேன். வெல்ஸ் 0 உள்ளவருக்கு ஓரத்தில் ஒரே ஒரு சின்னக் கிளையில் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், மாதக்கணக்கில் ரத்தம் உறையாத மருந்து எழுதும் முன் இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் அந்தப் படத்தைக் காட்டுவேன்.