ஹேர் டிரையரில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி

மலேசியாவின் பேரா மாநிலத்தில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் சாமான் பழுது பார்க்கும் கடைகள் இரண்டே இரண்டு. பட்டணத்தின் பெயரைச் சொன்னால் கடை தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தங்கையின் 1600 வாட் ஹேர் டிரையர் திடீரென்று நின்றுபோனது. சூடும் இல்லை, காற்றும் இல்லை. கடையில் கொடுத்தோம். "ஃபியூஸ் மாத்தியாச்சு, காயில், சுவிட்ச் எல்லாம் செக் பண்ணியாச்சு" என்று 45 வெள்ளி வாங்கினார்கள். ஓடத்தான் செய்தது. ஆனால் நடுநடுவே தானாக நின்று மறுபடி ஓடும். அப்புறம் ஒருநாள் கருகல் வாசனை வந்தது. பார்த்தால் முன்வாயின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

எங்கள் அத்தான் எண்ணெய் ஆலையில் வயர்மேன். பிளக்கைக் கழற்றிவிட்டு டிரையரைத் திறந்தார். உள்ளே மைக்கா தகடுகளில் நிக்ரோம் கம்பி சுற்றியிருக்கும். சூடு தரும் காயில் அதுதான். அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே தெர்மல் ஃபியூஸ் இருக்க வேண்டும். இருந்தது என்ன தெரியுமா? ஒரு துண்டு செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் ஈயப்பற்று, மேலே சாதாரணக் கறுப்பு டேப். டேப் உருகி மைக்காவோடு பிசின் போல ஒட்டியிருந்தது. பின்பக்க வலையில் பஞ்சும் முடியும் கம்பளம் மாதிரி அடைத்திருந்தன. முதல் ஃபியூஸ் போனதற்கே அதுதான் காரணம். காற்று குறைந்தால் காயிலின் சூடு வெளியே போகாது. அதைக்கூட யாரும் துடைக்கவில்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு, "பிளக்கிலேயே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்குதானே தங்கச்சி, அப்புறம் என்ன பயம்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பிளக் ஃபியூஸ் பார்ப்பது கரண்டை, சூட்டை அல்ல. 1600 வாட் டிரையர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 7 ஆம்பியர். காற்று அடைபட்டு உள்ளே எல்லாம் கருகும்போதும் அதே 7 ஆம்பியர்தான். பிளக் ஃபியூஸ் சும்மா இருக்கும்.

சூட்டைப் பார்ப்பவை வேறு இரண்டு. ஒன்று, சூடானால் வளைந்து இணைப்பைத் துண்டித்து, ஆறினால் திரும்பச் சேர்க்கும் இரட்டை உலோகத் தகடு. டிரையர் நின்று நின்று ஓடியது அதனால்தான். அந்தத் தகட்டின் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் அடுத்துக் காப்பாற்ற இருப்பது தெர்மல் ஃபியூஸ். அது ஒரே ஒரு முறை அறுந்து, நிரந்தரமாக நிறுத்தும். அதைத்தான் இவர்கள் கம்பியால் பாலம் போட்டிருந்தார்கள்.

அத்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் காயிலைப் பார்த்தார். சுற்றுகள் தொங்கவில்லை, ஒன்றையொன்று தொடவில்லை, மைக்கா விரியவில்லை. சுவிட்சை உச்ச சூட்டில் வைத்து, பிளக்கின் இரண்டு கரண்ட் முனைகளுக்கு நடுவே மீட்டரில் ஓம் பார்த்தார். கணக்குப்படி 33 ஓம் வர வேண்டும் (230-ஐ 230-ஆல் பெருக்கி 1600-ஆல் வகுத்தால் கிடைப்பது). மீட்டர் காட்டியது 35. மீதி எங்கே என்று தேடியதில் சுவிட்சில் கிட்டத்தட்ட 2 ஓம். நல்ல சுவிட்ச் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். 7 ஆம்பியர் ஓடும்போது 1 ஓம் இருந்தாலே சுமார் 50 வாட் சூடு அந்தச் சின்னச் சுவிட்சுக்குள் பிறக்கும். திறந்து பார்த்தால் முனைகள் கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. "செக் பண்ணியாச்சு" என்ற சுவிட்ச் இதுதான்!

அதே அளவுச் சுவிட்சும் ஃபியூஸும் ஈப்போவில் கிடைத்தன. ஃபியூஸ் உடம்பில் அச்சிட்ட டிகிரி, பழைய ஃபியூஸில் இருந்ததாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. டிகிரி கூடிய ஃபியூஸ் போட்டால் பிளாஸ்டிக் உருகிய பிறகுதான் அறுக்கும். நம்முடையதைக் கடைக்காரர் தூக்கிப் போட்டுவிட்டதால், அதே மாடலின் பழுதான டிரையர் ஒன்றைக் கண்டுபிடித்து எண்ணைப் பார்த்தோம். ஈயம் வைக்கவே கூடாது. பற்றவைக்கும் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும், தப்பினாலும் காயில் பக்கத்தில் ஈயம் இளகிவிடும். ஃபியூஸின் ஒவ்வொரு முனையையும் அது சேர வேண்டிய டிரையர் கம்பியையும் தனித்தனி உலோகக் குழாய்த் துண்டுக்குள் விட்டுக் குறட்டால் நன்றாக நசுக்கி, சூடு தாங்கும் கண்ணாடி இழை உறையை மாட்டினார். பழைய இடத்திலேயே, காற்று போகும் வழியில்.

இப்போது நிற்காமல் ஓடுகிறது. வளைந்த முன்வாயை மட்டும் மாற்றவில்லை.

பழுதுக்குக் கொடுக்கும்போதே பழைய ஃபியூஸும் சுவிட்சும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வாங்கும்போது மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காயில் பக்கத்தில் ஈயமோ கறுப்பு டேப்போ தெரிந்தால் பணம் கொடுக்காதீர்கள். எங்களுக்கு 20 வெள்ளி திரும்பக் கிடைத்தது, அதுவும் அத்தான் அந்தக் கம்பியைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்த பிறகு.