ஸ்கிராப் கண்டெய்னர் படங்கள்: ஏழு வருடம் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டவை

துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில், இறக்குமதியாகும் உலோக ஸ்கிராப்பைப் பரிசோதிக்கும் வேலையில் ஏழு வருடம் இருந்தேன். ஏற்றுமதிக்கு முந்தைய பரிசோதனைச் சான்றிதழோடு வரும் படங்களையும், அனுப்பியவர் தரும் படங்களையும் வைத்து எந்தக் கண்டெய்னரைத் திறப்பது என்று முடிவு செய்வதுதான் அங்கே என் தினசரி வேலை. எதெல்லாம் கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் சரக்கு அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரிகளில் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது ஆர்.எம்.எஸ். என்ற சுங்கத்துறையின் கணினி இடர் மேலாண்மை அமைப்பு. 2020இல் முகமற்ற மதிப்பீடு வந்த பிறகு, காகிதத்தைப் பார்க்கும் அதிகாரி நாட்டின் வேறு ஏதோ ஒரு ஊரில் இருப்பார். சரக்கு மட்டும் என் முன்னால் இருக்கும். ஆறு கண்டெய்னர் வந்து, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி உத்தரவு இல்லையென்றால், எதைத் திறப்பது, எதைக் கொட்டுவது என்பது ஷெட்டில் நிற்பவன் கையில். படங்கள் உதவுவது அங்கேதான். அமைப்பு பரிசோதனை வேண்டாம் என்று விட்ட சரக்கை நிறுத்த வேண்டுமானால் காரணத்தை எழுதி மேலதிகாரியின் ஒப்புதலை வாங்க வேண்டும். படத்தில் பார்த்ததை வார்த்தையில் சொல்லத் தெரியாவிட்டால் அந்த ஒப்புதல் கிடைக்காது.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போலப் படத்தில் சரக்கைத்தான் பார்த்தேன். துரு, கம்பி, குழாய், தகடு. ஸ்கிராப் குவியல் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வருடம் போன பிறகுதான் படத்தின் ஓரங்களைப் பார்க்கப் பழகினேன். தரை, பக்கச் சுவர், கதவில் எழுதியிருக்கும் எண்கள், சீல். படம் எடுப்பவர் சரக்கை நமக்குக் காட்ட நினைத்து எடுக்கிறார். ஓரத்தில் என்ன விழுகிறது என்று அவர் கவனிப்பதில்லை.

ஒரு கண்டெய்னருக்கு வழக்கமாக நான்கு படமாவது இருக்கும்: காலியாக, பாதி ஏற்றியபடி, முழுதாக, கதவை மூடி சீல் போட்டபடி. நான் கடைசிப் படத்திலிருந்துதான் தொடங்குவேன். கதவில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் உரிய மதிப்புகளை 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எடைகளால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம், மீதி 10 என்றால் 0. பாடத்தில் வரும் CSQU3054383 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. எக்செல்லில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். படத்தில் மங்கலாகத் தெரியும் இலக்கம் 3 தானா 8 தானா என்று உறுதி செய்ய இது உதவும். ஆனால் வேறொரு கண்டெய்னரின் படத்தை எடுத்து ஒட்டியிருந்தால் அந்த எண்ணும் கணக்கில் சரியாகவே வரும். அதனால் கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எண்ணோடும் சீல் எண்ணோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகுதான் மற்ற படங்களுக்குப் போவேன்.

அதே கதவில் கண்டெய்னரின் வெற்று எடையும் இருக்கும். இருபது அடிப் பெட்டிக்கு அது ஏறக்குறைய 2.2 டன். 2016 ஜூலை முதல் ஏற்றுமதியாளர் கப்பலுக்குச் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுத்தாக வேண்டும். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் உள்ளே இருப்பதன் எடை வந்துவிடும். ஏழு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், இந்த எடையையும் படத்தில் தெரியும் கொள்ளளவையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் சொல்வேன்.

ஒரு சரக்கைச் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து ஆறு இருபது அடிக் கண்டெய்னர், ஹெவி மெல்டிங் ஸ்கிராப் என்ற, உருக்குவதற்கான தடித்த பழைய இரும்பு. மொத்தம் 138.2 டன். சராசரி போட்டால் ஒன்றுக்கு 23 டன், சந்தேகப்பட ஒன்றுமில்லை. கண்டெய்னர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தில் 24.1 முதல் 24.9 டன் வரை. ஆறாவதில் மட்டும் 15.8 டன்.

கப்பல் கட்டணம் பெட்டிக்குத்தான். ஸ்கிராப் அனுப்புகிறவர் எடை வரம்பு வரை நிரப்பித்தான் அனுப்புவார். எட்டு, ஒன்பது டன் குறைத்து அனுப்பினால் அவருக்குத்தான் நஷ்டம். அந்தப் பெட்டியின் ‘முழுதாக’ படத்தைப் பார்த்தேன். கதவு வாயில் கூரை வரை தடித்த தகடு, வெட்டிய பீம் துண்டு. இருபது அடிப் பெட்டியின் உள் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். இவ்வளவு தடித்த துண்டுகள் என்றால், இடைவெளியை எல்லாம் கழித்தாலும் கன மீட்டருக்கு முக்கால் டன்னாவது வரும் என்பது என் கைக்கணக்கு. கூரை வரை அதே சரக்கு என்றால் 24 டன்னுக்கு மேல் இருக்க வேண்டும். பக்கத்து ஐந்து பெட்டியும் அப்படித்தான் இருந்தன. 15.8 டன் என்றால் பின்னால் இருப்பது இதுவல்ல.

அப்புறம் ‘பாதி’ படம். கண்டெய்னரின் பக்கச் சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். கதவிலிருந்து குவியலின் அடி வரை எத்தனை மடிப்பு தெரிகிறது என்று எண்ணினால் ஏற்றிய ஆழம் கிடைத்துவிடும். மற்ற ஐந்திலும் ஒன்பது, பத்து, பதினொன்று. இதில் ஐந்துதான். அதாவது பாதி ஏற்றியதாகச் சொல்லும் படத்தில், கதவிலிருந்து 1.4 மீட்டரிலேயே குவியல் தொடங்குகிறது. படத்தைப் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில், தரையை ஒட்டி, துருப்பிடித்த தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு பலகை நுனி. வெளுப்பான, புது மரம். இரண்டு ஆணித் தலை தெரிந்தது.

ஸ்கிராப்பை பேலட் என்ற மரத்தட்டில் வைத்து யாரும் ஏற்ற மாட்டார்கள். லோடரால் தள்ளுவார்கள், இல்லை கிராப்பால் போடுவார்கள். மரப்பலகைக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த மூன்றையும் குறிப்பில் எழுதி, அந்த ஒன்றை முழுதாகக் கொட்டவும் மற்றவற்றில் இரண்டைக் கதவு திறந்து பார்க்கவும் அனுமதி வாங்கினேன். புரோக்கர் பக்கத்துப் பையன், “சார், எல்லாம் ஒரே லாட்டுதான் சார், கடைசி ரெண்டைப் பார்த்தா போதாதா?” என்று கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது என்று இப்போதும் நம்புகிறேன். முன்பக்கம் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஸ்கிராப். அது முடிந்ததும் பிளாஸ்டிக் சுற்றிய பேலட்டுகள். இருபது டீசல் எஞ்சின், ஓடும் நிலையில். சாட்சிகளை வைத்து மகஜர் எழுதி, விசாரணைப் பிரிவிடம் ஒப்படைத்தோம். பிறகு பார்த்தபோது மற்ற ஐந்திலும் ஸ்கிராப்தான் இருந்தது.

படத்தில் இன்னொன்றையும் தேடுவேன், இது வரிக்காக இல்லை. இரண்டு பக்கமும் மூடிய உருளைகள்: கேஸ் சிலிண்டர், அமுக்கப் பாத்திரம், குண்டு போலத் தெரியும் எதுவும். 2004இல் காசியாபாத் பக்கம் ஒரு எஃகு ஆலையில் இறக்குமதி ஸ்கிராப்போடு வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்த பிறகுதான் ஸ்கிராப் இறக்குமதி விதிகள் இறுகின. சிலிண்டர் வெட்டியிருந்தால் வாய் திறந்து உள்பக்க இருட்டு தெரியும். அப்படித் தெரியாத உருளை ஒன்று படத்தில் இருந்தாலும், அந்தக் கண்டெய்னருக்குள் ஆளை ஏற்றாமல் இயந்திரத்தால் மட்டும், திறந்த வெளியில் கொட்டச் சொல்வேன். கதிர்வீச்சு மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது. அதற்கு கேட்டில் உள்ள கண்டறியும் கருவிதான். கருவியில் அலாரம் அடித்திருந்தால் படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நான் பொருட்படுத்தியதில்லை.

இனி என்னைக் கவிழ்த்தவை. முதலாவது, படத்துக்குள் பதிவாகும் தேதி. இரண்டாம் வருடம் ஒரு சரக்கின் படங்களில் தேதி இரண்டு வருடம் பழையதாக இருந்தது. பழைய படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பி, மூன்று கண்டெய்னரையும் கொட்ட வைத்தேன். எல்லாமே சொன்னபடி இருந்தது. அந்த யார்டில் பயன்படுத்திய கேமராவில் தேதியை யாரும் சரிசெய்யவில்லை, அவ்வளவுதான். கொட்டிய கூலி, திரும்ப ஏற்றிய கூலி, நான்கு நாள் தாமதம் எல்லாம் அந்தச் சிறிய இறக்குமதியாளர் தலையில் விழுந்தது. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அந்தத் தகவலே அழிந்துபோயிருக்கும். அதன் பிறகு தேதியை மட்டும் வைத்து நான் எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை.

பழைய படத்தை மறுபடி போடுவது உண்மையிலேயே நடக்கிறது. அதைப் பிடிக்கத் தேதியை விடத் தரை நல்ல சாட்சி. அனுப்புகிறவர் வாரியாக ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். காலிக் கண்டெய்னர் படத்தில் தரைப் பலகையில் உள்ள எண்ணெய்க் கறை, சுவரில் உள்ள பள்ளம், ஒட்டுப் போட்ட இடம், இவை ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. மூன்று மாத இடைவெளியில் இரண்டு வேறு எண்ணுள்ள கண்டெய்னரில் ஒரே இடத்தில் ஒரே வடிவக் கறை இருந்தால், ஒரு படம் பொய். பெட்டி நம் கையில் வந்த பிறகு சுவரை நேரிலேயே ஒப்பிடலாம்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. நான்கு படமும் சுத்தம், எடை சரி, மடிப்பு சரி. அப்படி ஒரு பெட்டியை மேலோட்டமாகப் பார்த்து விடுவதற்குத் தயாராக இருந்தேன். என்னோடு இருந்த மூத்த அதிகாரி, “படம் நல்லா இருக்குங்கிறது காரணம் இல்லப்பா, கொட்டு” என்றார். நடுவில் இரும்போடு இரும்பாகப் பயன்படுத்திய டயர்கள் துண்டு போடாமல் அடுக்கியிருந்தன. இரண்டு படங்களுக்கு நடுவில் ஏற்றியதை எந்தப் படமும் காட்டாது. டயரையும் இரும்பையும் கலந்து சராசரியில் எடையைச் சரிக்கட்டவும் முடியும்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்துச் சரக்கை மூன்றாகப் பிரிப்பேன்: முழுதாகக் கொட்ட வேண்டியது, ஸ்கேன் படம் இருந்தால் அதையும் பார்த்துவிட்டுக் கதவு வரை இறக்கிப் பார்க்க வேண்டியது, குறை எதுவும் தெரியாதது. மூன்றாவது கூட்டத்திலிருந்து வாரம் ஒன்றைச் சீட்டு எழுதிப் போட்டு எடுத்து, அதையும் முழுதாகக் கொட்டுவேன். நான் தேர்ந்தெடுத்தால் என் பழக்கம் அதில் நுழைந்துவிடும், அதனால்தான் சீட்டு. அதில் கிடைத்ததை ஒரு நோட்டில் எழுதினேன்: படத்தில் என்ன பார்த்தேன், தரையில் என்ன கிடந்தது, இரண்டு பத்தி. பணி மாறும்போது அந்த நோட்டையும் படங்கள் இருந்த ஃபோல்டரையும் அடுத்து வந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.