போனில் ஸ்பீடு வரவில்லை, ரவுட்டரை மாத்துங்க என்றால் உடனே காசை எடுக்காதீர்கள்

திருநகரில் இருக்கும் எங்கள் பெரியப்பா தலையில் 7,200 ரூபாய்க்கு ஒரு ரவுட்டரைக் கட்டிவிட்டார்கள். அது போதாதென்று இப்போது பிளானையும் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லி நச்சரிக்கிறார்கள். அந்தப் பக்கம் நெட் லைன் கொடுப்பவர்தான் இதை விற்ற ஆள், ரவுட்டர் விற்கும் கடையும் அவருடையதே. பெயரைப் போட விருப்பமில்லை, ஆனால் இதே வித்தையைப் பசுமலையில் ஒரு நண்பர் வீட்டிலும் காட்டியிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா வீட்டுப் பிளான் 500 எம்பிபிஎஸ். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் போன்தான் உலகம், ஏதோ ஒரு நாள் பேரன் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டியதிலிருந்து தினமும் அதைப் போட்டுப் பார்ப்பார். எத்தனை முறை போட்டாலும் 260, 270 என்றுதான் வந்தது. ஐநூறுக்குக் காசு கட்டுகிறோம், பாதிதானே வருகிறது என்று அவர் போன் செய்து கேட்க, ஆள் வந்தார், பெரியப்பா போனையே வாங்கி டெஸ்ட் போட்டார், "ஐயா, இது பழைய ரவுட்டர், ரெண்டு குச்சி. இதுல இவ்வளவுதான் வரும். நாலு குச்சி மாடல் போட்டா முழுசா வரும்" என்றார். மறுநாள் புதுப் பெட்டி வந்தது. மாட்டி முடித்ததும் டெஸ்ட் போட்டார், 470 வந்தது. பெரியப்பாவும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்த 470 வந்தது பெரியப்பா போனில் இல்லை, வந்த ஆளுடைய சொந்தப் போனில். மாட்டுவதற்கு முன்னால் ஒரு போன், மாட்டிய பிறகு வேறொரு போன். பெரியம்மா மட்டும் இதைக் கவனித்திருக்கிறார், "அது யாரு போனு?" என்று கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று பதில் வந்ததாம். ஒன்று இல்லை, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆள் போன பிறகு பெரியப்பா தன் போனில் பார்த்தால் மறுபடி 275. கேட்டால், "லைன்ல லோடு அதிகம், ஒரு ஜிபி பிளானுக்கு மாத்திக்கங்க."

பழைய ரவுட்டரை எக்ஸ்சேஞ்ச் என்று கேட்டிருக்கிறார்கள். பெரியம்மா கொடுக்காமல் பரணில் போட்டு வைத்திருந்தார், புண்ணியம் அவருக்கு. போன வாரம் நான் போனபோது அதை இறக்கி மறுபடி மாட்டி, அதே ஹாலில், அதே நாற்காலியில் என் லேப்டாப்பை வைத்து டெஸ்ட் போட்டேன். 480. பக்கத்திலேயே பெரியப்பா போன்: 265. பிறகு புது ரவுட்டர்: லேப்டாப்பில் 485, போனில் 275. அதாவது ஏழாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வந்தது பத்து எம்பிபிஎஸ், அதுவும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஏறி இறங்குகிற அளவுதான்.

ஏன் இப்படி? பெரியப்பா போனில் வைஃபைக்கு ஒரே ஒரு ஆன்டெனாதான் இருக்கிறது. விலை குறைந்த போன்களில் இது சகஜம். லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு இருக்கும், திரையின் மேல் விளிம்பில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருக்கும், இரண்டு மெல்லிய வயர் கீல் வழியாக இறங்கி உள்ளே இருக்கும் வைஃபை கார்டில் மாட்டியிருக்கும். லேப்டாப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு, சாம்பல் வயர்களைத் தெரிந்திருக்கும். போனுக்குள் 4ஜி, புளூடூத், ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும், இரண்டாவது ஆன்டெனா வைத்தால் அதற்கென்று தனி ரேடியோ பாதையும் வேண்டும், செலவும் பேட்டரியும் கூடும். அதனால் கம்பெனிக்காரர்கள் முதலில் கை வைப்பது இதில்தான்.

ஆன்டெனா ஒன்று கூடினால் சிக்னல் கொஞ்சம் பலமாகும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் இரட்டிப்பாவது அதனால் அல்ல. ரவுட்டர் தன் இரண்டு ஆன்டெனாவிலிருந்தும் ஒரே சேனலில், ஒரே நேரத்தில், வேறு வேறு டேட்டாவை அனுப்புகிறது. இதில் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்ட்ரீம் என்பார்கள். இரண்டும் சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பி, காற்றிலேயே கலந்துதான் வந்து சேர்கின்றன. வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒவ்வொன்றிலும் அந்தக் கலவை வேறு விகிதத்தில் விழும், அந்த விகிதத்தை அளந்துகொள்ள ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் இரு பக்கமும் முன்பே அறிந்த ஒரு சிக்னல் வரும். மிச்சம் வெறும் கணக்கு. பள்ளியில் போட்டோமே, x + y = 10 என்று மட்டும் சொன்னால் விடை கிடைக்காது, x − y = 4 என்றும் சொன்னால் ஏழும் மூன்றும் வந்துவிடும், அதேதான். ஒரு ஆன்டெனா என்றால் கையில் ஒரு சமன்பாடுதான், இரண்டு ஸ்ட்ரீமைப் பிரிக்க வழியில்லை. கனெக்ட் ஆகும்போதே போன் "எனக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிடும், ரவுட்டரும் அதற்கு ஒன்றைத்தான் அனுப்பும். இரண்டு பக்கத்தில் எது குறைவோ அதுதான் கணக்கு. ரவுட்டரில் நாலு குச்சி இருந்தாலும் எட்டு இருந்தாலும் சரி.

எண்ணாகவே பார்ப்போம். பெரியப்பா போன் வைஃபை 5 ரகம், 802.11ac என்று போட்டிருப்பார்களே அது. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலை 234 சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்து டேட்டா அனுப்புவார்கள். மிக நல்ல சிக்னலில் ஒவ்வொரு பாதையிலும் ஒரு தடவைக்கு 8 பிட், அதில் ஆறில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்குப் போய்விடும், ஒரு தடவைக்கு ஆகும் நேரம் 3.6 மைக்ரோசெகண்ட்.

```
234 × 8 × 5/6 ÷ 3.6 = 433.3 Mbps
```

இது ஒரு ஸ்ட்ரீமுக்கு. இரண்டு ஸ்ட்ரீம் என்றால் 866.7. இந்த எண்களை அப்படியே ஸ்பீடு டெஸ்டில் எதிர்பார்க்கக் கூடாது. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்பவும் காத்திருக்கவும் நேரம் போகும். நல்ல நிலைமையில் கிட்டத்தட்ட அறுபது, அறுபத்தைந்து சதவீதம்தான் கைக்கு வரும். 433-க்கு அது 260-லிருந்து 280. பெரியப்பா தினமும் பார்த்த எண் அதுதான். 867-க்கு ஐநூறுக்கு மேலேயே வந்திருக்கும், பிளான் 500 என்பதால் லேப்டாப் 480-இல் நின்றது. ஆக லைனில் ஒரு குறையும் இல்லை, பழைய ரவுட்டரிலும் இல்லை. போன் தன்னால் முடிந்ததை முழுசாகவே செய்துகொண்டிருந்தது.

அந்த நாலு குச்சிக் கதையும் ஒரு மாதிரிதான். புதுப் பெட்டியில் AX3000 என்று போட்டிருக்கிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402-ஐயும் கூட்டி, கொஞ்சம் தூக்கிப் போட்ட எண். ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு பேண்டில்தான் இருக்கும், கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. அந்த 2402-உம் இரண்டு ஸ்ட்ரீமும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனலும் உள்ள வைஃபை 6 சாதனத்துக்கு மட்டும். குச்சிகளை எண்ணினால் நாலு, ஸ்ட்ரீம் இரண்டுதான். நியாயமாகச் சொன்னால் கூடுதல் ஆன்டெனாவால் பயனே இல்லை என்று இல்லை, ரவுட்டர் சிக்னலைப் போன் இருக்கும் பக்கம் குவித்து அனுப்ப உதவும், தூரத்து அறையில் கொஞ்சம் சீராக வரும். ஆனால் 433 என்ற கூரையை அது உயர்த்தாது. பெரியப்பா உட்கார்ந்திருப்பதோ ரவுட்டருக்கு எதிரிலேயே.

இனி உங்கள் வீட்டுக்கு ஆள் வருவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று, போனில் வைஃபை செட்டிங்ஸில் கனெக்ட் ஆகியிருக்கும் பெயரை அழுத்துங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Link speed என்று ஒரு எண் காட்டும். லேப்டாப் 866 காட்டும் அதே ரவுட்டரில் வைஃபை 5 போன் 433 என்று காட்டினால் ஒற்றை ஆன்டெனா, உச்சத்தைத் தொட்டுவிட்டது, ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. 866 என்று இருந்தால் உங்கள் போனில் இரண்டு. வைஃபை 6 போனும் வைஃபை 6 ரவுட்டருமாக இருந்தால் 600, 1201 என்று இருக்கும். 72 என்று காட்டினால் போன் 2.4-இல் மாட்டிக்கொண்டிருக்கிறது, 5ஜி என்று முடியும் பெயருக்கு மாற்றிப் பாருங்கள், பைசா செலவில்லை. அடுத்த அறைக்குப் போனதும் 433 இறங்கி 325, 195 என்று ஆனால் அது சுவரும் தூரமும் செய்யும் வேலை, அதற்கு மருந்து ரவுட்டரை நகர்த்தி வைப்பது.

விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
netsh wlan show interfaces
```

Receive rate (Mbps) என்ற வரியைப் பாருங்கள். இரண்டு ஆன்டெனா உள்ள லேப்டாப் பக்கத்திலேயே இருந்தும் 433-ஐத் தாண்டவில்லை என்றால், அண்மையில் கீலோ டிஸ்பிளேயோ மாற்றினீர்களா என்று யோசியுங்கள், இரண்டு வயரில் ஒன்றைச் சரியாக மாட்டாமல் மூடிவிடுவதும் நடக்கிறது.

உண்மையிலேயே ரவுட்டர் தப்பாக இருக்கும் இடமும் உண்டு. போன், லேப்டாப் இரண்டிலும் 90, 94 என்று ஒரே எண்ணில் நின்றால் ரவுட்டரின் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கலாம், இல்லையென்றால் கேபிளில் ஒரு கம்பி விட்டிருக்கலாம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே நின்றால் ரவுட்டர் மாற்றுவது நியாயம். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால்தான் லைனையோ ரவுட்டரையோ சந்தேகப்பட வேண்டும், போன் மட்டும் குறைந்தால் போனைப் பாருங்கள். டெஸ்ட் போடுபவர் எந்தப் போனில் போடுகிறார் என்பதையும் கூடவே பாருங்கள். முன்னும் பின்னும் உங்கள் போனிலேயே போடச் சொல்லுங்கள், பணம் அதற்குப் பிறகு.

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு ரவுட்டரின் டெஸ்ட் படங்களையும் காட்டியதும் கடைக்காரர் குரல் இறங்கியது, ஆனால் "பெட்டி பிரிச்சாச்சு சார், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், வேணும்னா ரெண்டு மாச வாடகைல கழிச்சுக்கிறேன்" என்பதுதான் பேச்சு. பில்லும் கையெழுத்துச் சீட்டுதான், ஜிஎஸ்டி எண் கிடையாது. இரண்டு மாதக் கழிவை எழுதி வாங்கிக்கொண்டோம், மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறோம். பெரியப்பா பிளானை மாற்றவில்லை. "இருநூத்தி எழுபது போதும்ப்பா, செய்திதானே பார்க்கிறேன்" என்கிறார், அதுவும் சரிதான், 4கே வீடியோவுக்கே 25 எம்பிபிஎஸ் போதும்.