ஒருங்குறிக்கு மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன்

பெங்களூரு அல்சூர் பகுதியில் இயங்கும் தட்டச்சுக் கடை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை இதே முறையில் செய்து தரும் கடைகள் வேறு இடங்களிலும் இருக்கும் என்பதால், பெயரைவிட நடந்த விதம்தான் பயன்படும்.

எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றம் 2004-இல் ஒரு மலர் வெளியிட்டது. அதன் 96 பக்கங்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதிலிருந்து பகுதிகளை எடுத்துப் படக்காட்சியாக ஆண்டு விழாவில் காட்ட வேண்டும் என்று முடிவானபோது, கோப்பை யூனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைக்காரர் பக்கத்துக்கு 30 ரூபாய் கேட்டார். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றனவே என்றேன். "அதெல்லாம் தப்புத் தப்பா வரும் சார், நாங்க மாத்திட்டு வரிக்கு வரி படிச்சுத் திருத்தித் தருவோம்" என்றார். அந்த வாக்குறுதிக்காகத்தான் 2,880 ரூபாயை முன்பணமாகவே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கோப்பு வந்தது. என் மடிக்கணினியில் திறந்து பத்துப் பக்கம் படித்தேன். எல்லாம் சரியாகவே தெரிந்தது. பகுதிகளை வெட்டிப் படக்காட்சியின் 60-க்கும் மேற்பட்ட சில்லுகளில் ஒட்டி முடித்தேன். விழாவுக்கு முந்தைய மாலை அரங்கத்தின் கணினியில் அதை ஓட்டிப் பார்த்தபோதுதான், வரிக்கு இரண்டு மூன்று இடங்களில் புள்ளிகளால் ஆன சிறு வட்டங்கள் எழுத்துகளுக்கு நடுவே முளைத்திருந்தன. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அங்க ஃபாண்ட் இல்ல சார், அதான்" என்றார். ஒருங்குறி உரைக்கு அந்தந்தக் கணினியில் பழைய எழுத்துரு இருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தானே மாற்றவே கொடுத்தோம்! அந்தப் பதிலைக் கேட்ட பிறகே சந்தேகம் வந்து, கோப்பில் "தெரி" என்று தேடினேன். 96 பக்க மலரில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை என்றது கணினி. கண்ணெதிரே ஒரே பக்கத்தில் நான்கு முறை இருந்தது.

நடந்தது இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத் துண்டுகள் உட்கார்ந்திருக்கும். உரை ஒலிப்படி அமையாமல் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். அச்சு மரபில் ர் என்ற எழுத்துக்கும் ரி, ரீ ஆகியவற்றுக்கும் அடியில் உள்ள சாய்கோடு விழாமல் துணைக்கால் போலவே அமைவதுண்டு. ஆகவே பாமினியில் தட்டச்சு செய்தவர்கள் அந்த இடங்களில் ரகரத்துக்கு உரிய u விசையை விட்டுவிட்டு, துணைக்காலுக்கு உரிய h விசையையே அழுத்தினார்கள். "பெரியவர் தெரிவித்தார்" என்ற தொடர் அந்தக் கோப்பில் இப்படி இருக்கும்:

```
nghpath; njhptpj;jhh;
```

இதை எழுத்துக்கு எழுத்து மாற்றும் மாற்றியில் போட்டால், n என்ற ஒற்றைக்கொம்பும் g என்ற பகரமும் h என்ற காலும் சேர்ந்து "பொ" ஆகிவிடுகின்றன. பின்னால் வரும் இகரக் குறி ஒட்ட இடமின்றி நிற்கிறது. விடை "பொியவா் தொிவித்தாா்" என்று வரும். சில கணினிகளில் இது "பெரியவர்" போலவே தோற்றமளிப்பதுதான் இதிலுள்ள கண்ணி. வேறு கணினிகளில் புள்ளி வட்டம் காட்டிக் கொடுத்துவிடும். தேடலோ எல்லாக் கணினிகளிலும் தோற்கும்.

ளகரத்திலும் இதே குழப்பம் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தின் வடிவமே என்பதால், "வெளியீடு" என்பதை அவசரக்கார மாற்றி "வௌியீடு" ஆக்குகிறது.

அந்த மனிதர் ஒரு வரியும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சான்றும் கிடைத்தது. மலரின் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் M.A. என்று ஆங்கில எழுத்துருவில் இருந்தது. கோப்பு முழுவதையும் அப்படியே அள்ளி மாற்றியில் போட்டதால், பாமினியில் M என்பது ஆ, A என்பது யு என்ற கணக்கில், பெரியவரின் பட்டம் "ஆ.யு." ஆகி முதல் சில்லிலேயே நின்றது. வரிக்கு வரி படித்தவர் கண்ணில் அது படாமல் போயிருக்காது.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. தமிழில் ஓர் உயிர்க்குறியை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ ஒருபோதும் வராது. ஆகையால் துணைக்காலை அடுத்து இகரக் குறி, ஈகாரக் குறி அல்லது புள்ளி வந்தால் அது மாறுவேடத்தில் இருக்கும் ரகரமே என்று தயங்காமல் சொல்லலாம். என் தங்கை மகன் அன்றிரவு உரையைத் தனிக் கோப்பாக எடுத்து, இந்த விதியைக் கொண்டே திருத்தினான்:

```python
import re, unicodedata
t = open("malar.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
for a, b in [("\u0BCA", "\u0BC6ர"),
             ("\u0BCB", "\u0BC7ர"),
             ("\u0BBE", "ர")]:
    t = re.sub(a + "(?=[\u0BBF\u0BC0\u0BCD])", b, t)
t = re.sub("\u0BCC(?=[\u0BBE-\u0BCD])", "\u0BC6ள", t)
open("malar2.txt", "w", encoding="utf-8").write(t)
```

முதல் சுற்று "தொி" என்பதைத் "தெரி" ஆக்குகிறது; அடுத்தது "சோ்ந்த" என்பதைச் "சேர்ந்த" ஆக்குகிறது; மூன்றாவது "அவா்" என்பதை "அவர்" ஆக்குகிறது. கடைசி வரி "வௌி" என்பதைச் சரிசெய்கிறது. இந்த வரிசையை மாற்றக் கூடாது: ளகர வரி முன்னால் ஓடினால் "பௌா்ணமி" கெட்டு "பெளர்ணமி" ஆகிவிடும். NFC என்ற வரி, ஒகரக் குறி இரண்டு துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அதை ஒன்றாக்குகிறது. இந்தத் திருத்தத்தைச் சில்லுகளில் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்; தலைப்பு, அட்டவணை, குறிப்புப் பெட்டி என்று சிதறிய பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியிருக்கும். நாங்கள் எல்லாச் சில்லுகளையும் மறுபடி ஒட்டினோம். விடியற்காலை மூன்று மணி ஆனது.

நிரலால் தீராதவையும் இருந்தன. "கௌரவம்", "கெளரவம்" இரண்டிலும் விதி மீறல் இல்லாததால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொற்கள் தமிழாகிச் சிதைந்த இடங்களுக்குப் பழைய கோப்பை அருகில் வைத்தே திருத்தினோம். என்னிடம் மலரின் குறுந்தகடு இருந்ததால் தப்பினேன். மூலக் கோப்பின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். மாற்றுபவரிடம், பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுகிறாரா, முழுக் கோப்பையும் அள்ளுகிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கோப்பைத் திறந்து தெரி, பெரி, வெளி, சேர் என்ற நான்கையும் விசைப்பலகையில் புதிதாகத் தட்டித் தேடச் சொல்லுங்கள். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பிழையே பிழையைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு நிமிட வேலை. மறுநாள் நான் கடைக்குச் சென்று அவர் கண்ணெதிரே அதைச் செய்து காட்டினேன். பாதிப் பணம் தருவதாகச் சொல்லி, 1,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.